ஓரம் பொருந்தியும் வயிறு ஏன் தட்டையாகத் தெரிகிறது?

கேள்வி: “எட்டு மாதக் கர்ப்பிணியின் படம். லேசாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். உடம்போடு ஒட்டிய வெளிர் சாம்பல் டி-ஷர்ட், லெகிங்ஸ் போட்டிருக்கிறார். வேறொரு படத்தில் இருக்கும் நீளமான கவுனை இவருக்கு போட்டோஷாப்பில் போட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். Warp வைத்து ஓரங்களைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டேன். ஆனாலும் வயிறு அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?”

உங்கள் ஓரங்களில் தப்பு இருக்க வாய்ப்பில்லை. தப்பு உள்ளே இருக்கிறது. முழுப் பக்கவாட்டுப் படம் என்றால் வயிற்றின் வெளிக்கோடு ஒன்றே அதன் அளவைச் சொல்லிவிடும். உங்கள் படத்தைப் போல அரைவாசி திரும்பி நிற்கும்போது அந்தக் கோடு பாதிதான் சொல்லும். மீதியைக் கண் துணியின் மேல்தான் தேடும்: துணியில் இருக்கும் கோடுகள் எப்படி வளைகின்றன, வெளிச்சம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று. நீங்கள் எடுத்த கவுன் வயிறு இல்லாத ஒருவர் உடம்பில் படம் பிடிக்கப்பட்டது. அந்தத் தட்டை வயிற்றின் வெளிச்சமும் மடிப்பும் துணியோடு சேர்ந்தே வந்துவிட்டன. ஓரத்தை இழுத்தபோது அவையும் கூடவே இழுபட்டன, அவ்வளவுதான். பதினைந்து வருடத்துக்கு மேலாக உருவப்படங்களைத் திருத்தும் வேலை செய்கிறேன். இதே தவறோடு நான் முடித்துக் கொடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதில் இருந்தவர் “எல்லாம் அழகா இருக்கு, ஆனா இது என் வயிறு இல்லையே” என்றார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு நானும் ஓரங்களை மட்டும்தான் சரிபார்த்திருந்தேன்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது, அதுதான் பெரும்பாலும் படத்தைக் கெடுக்கிறது. Warp-இல் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுக்கும்போது ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணிதான் அதிகம் நீளும், நடுப்பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கும். உண்மையான வயிற்றில் இதற்கு நேர் எதிர். கேமராவை நேராகப் பார்க்கும் நடுப்பகுதியில் துணியின் நெசவும் பூவும் கோடும் அகலமாகத் தெரியும். ஓரத்தை நெருங்க நெருங்க உடம்பு நம்மை விட்டுத் திரும்பிப் போவதால் எல்லாம் நெருங்கிச் சுருங்கும். கேமராவுக்கு அறுபது டிகிரி சாய்ந்து திரும்பியிருக்கும் இடத்தில் ஒரு பூ தன் அகலத்தில் பாதியாகத்தான் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் அதே இடத்தில் பூ பெரிதாகியிருக்கும். ஓரத்தில் பெரிதாகவும் நடுவில் சிறிதாகவும் இருக்கும் பரப்பைக் கண் தட்டை என்று எடுத்துக்கொள்ளும், சில நேரம் குழி என்றுகூட. வெற்றுத் துணியாக இருந்தாலும் நெசவின் சொரசொரப்பிலும் சின்னச் சுருக்கங்களிலும் இது தெரியும். என்ன உறுத்துகிறது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்பது மட்டும் புரிந்துவிடும்.

ஆகவே கவுனைத் தொடும் முன் உடம்பைக் குறித்து வையுங்கள். உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒட்டிய, வெளிர் நிற, கோலமில்லாத டி-ஷர்ட். வயிற்றின் மேல் வெளிச்சம் எப்படி விழுந்தது என்ற முழுப் பதிவும் அதில் இருக்கிறது. பலர் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு, பிறகு நிழலைக் கற்பனையில் வரைந்துகொண்டிருப்பார்கள். மூலப் படத்தை ஒரு லேயரில் பூட்டி வையுங்கள். Pen Tool எடுத்து உடம்பின் வெளிக்கோட்டை நெஞ்சிலிருந்து முழங்கால் வரை, முதுகுப் பக்கத்தையும் சேர்த்து, ஒரு path-ஆக வரைந்து பெயர் வைத்துச் சேமியுங்கள். அப்புறம் ஒரு காலி லேயரில் இரண்டு வகைக் கோடுகளை வரையுங்கள். முதலாவது நடுக்கோடு: கழுத்துக் குழியில் தொடங்கி, மார்புக்கு நடுவே இறங்கி, தொப்புள் வழியாக அடிவயிறு வரை போவது. ஒட்டிய டி-ஷர்ட்டில் தொப்புள் இருக்கும் இடம் பெரும்பாலும் லேசாகத் தெரியும். நேராக நிற்பவருக்கு இந்தக் கோடு நேராக இருக்கும். திரும்பி நிற்பவருக்கு இது வயிற்றின் மேல் வில் போல வளைந்து, தூரத்து ஓரத்தை நோக்கித் தள்ளிப்போகும். கவுனின் நடுத் தையலோ பொத்தான் வரிசையோ நேர்கோடாகவே இருந்துவிட்டால், அந்த ஒன்று போதும் வயிற்றைத் தட்டையாக்க. இந்தத் தவறைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாவது, உடம்பைச் சுற்றிப் போகும் வளையங்கள். வயிற்றைச் சுற்றி ஆறேழு ரப்பர் பேண்டுகள் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவை எந்தப் பக்கம் வளையும் என்பதைக் கேமராவின் உயரம் தீர்மானிக்கும். கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் இருக்கும் வளையம் நேர்கோடாகத் தெரியும். அதற்குக் கீழே இருப்பவை கீழ்நோக்கித் தொங்கும், மேலே இருப்பவை மேல்நோக்கி வளையும். உருவப்படங்களை நெஞ்சு அல்லது முக உயரத்தில் வைத்து எடுப்பதே வழக்கம் என்பதால், பெரும்பாலான படங்களில் வயிற்று வளையங்கள் எல்லாமே கீழ்நோக்கித்தான் வளையும், அடிவயிற்றுக்குப் போகப் போக வளைவு ஆழமாகும். கேமரா உயரம் தெரியாவிட்டால் பின்னணியில் ஜன்னல் விளிம்பு, மேசை, சுவர்ப் பலகை என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பின்னால் ஓடிப்போகும் அந்தக் கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் உயரம்தான் கேமராவின் உயரம், கேமராவை அதிகம் சாய்க்காமல் எடுத்திருந்தால்.

அடுத்து, இந்தக் கவுன் எப்படி உட்காரப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். இதை முடிவு செய்யாமல் Warp-க்குப் போனால் இரண்டும்கெட்டானாகத்தான் வரும். உடம்போடு ஒட்டும் பின்னல் துணி என்றால் அது வயிற்றின் உச்சியைத் தாண்டியதும் உள்ளே மடங்கி அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு போகும். நீங்கள் சேமித்த வெளிக்கோடும் கவுனின் வெளிக்கோடும் அங்கே ஒன்றாக இருக்கும். மார்புக்குக் கீழே தையல் வைத்து அங்கிருந்து விரியும் கவுன் என்றால் துணி வயிற்றின் மேல்பாதியைத் தொடும், உச்சியைத் தாண்டியதும் உடம்பை விட்டுவிட்டு நேராகக் கீழே தொங்கும். தோளிலிருந்தே தளர்வாக விழும் கவுன் மார்பின் முனையையும் வயிற்றின் உச்சியையும் மட்டும்தான் தொடும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டிப் பாலம் போலப் போகும். அதாவது தளர்வான கவுனில் வயிற்றைக் காட்டுவது அடிவயிற்றின் வளைவு அல்ல, உச்சியிலிருந்து நேராக விழும் அந்தத் துணிக்கோடுதான். நிறையப் பேர் வயிறு தெரியட்டும் என்று தளர்வான கவுனையும் உச்சிக்குக் கீழே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அப்படி உள்ளே ஒட்டுவதற்குத் துணிக்குக் காரணம் எதுவும் இல்லாததால் படம் பொய்யாகத் தெரிகிறது.

துணியின் நீளத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மார்புக்குக் கீழிருந்து அடிவயிற்று மடிப்பு வரை நேர்த் தூரம் 30 செ.மீ., வயிறு அந்த நேர்கோட்டிலிருந்து 12 செ.மீ. முன்னால் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு வட்டத்தின் வில்லாக எடுத்துக்கொண்டால், துணி கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 41 செ.மீ. வருகிறது. 11 செ.மீ. துணி கூடுதலாக வேண்டும். நிஜ வயிறு சரியான வட்டம் இல்லை, இருந்தாலும் அளவு எவ்வளவு என்று புரிய இது போதும். சாதாரண கவுனை ஒரு கர்ப்பிணி நிஜமாகவே போட்டால் அந்த 11 செ.மீ. எங்கிருந்து வரும்? முன்பக்க விளிம்பிலிருந்துதான். முன்னால் கவுன் மேலே ஏறும், பின்னால் அப்படியே இருக்கும். கர்ப்ப காலத்துக்கென்று தைக்கும் உடையில் முன்பக்கத்தை நீளமாக வெட்டியிருப்பார்கள், அதனால் விளிம்பு சமமாக நிற்கும். படத்தில் இரண்டில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், ஆனால் தெரிந்தே காட்ட வேண்டும். விளிம்பு சமமாக இருக்கட்டும் என்றால் வயிற்றின் மேல் துணியைக் கூட்டுங்கள். துணியைக் கூட்டாமல் விளிம்பையும் சமமாக வைத்தால், வயிற்றுக்கு மேல் போக வேண்டிய துணி எங்கே போனது என்ற கேள்வி படத்திலேயே நிற்கும்.

இப்போது Warp. கவுன் லேயரை Smart Object ஆக்கிவிட்டு Edit > Transform > Warp போய், கட்டத்தைக் குறைந்தது 5 × 5 ஆக்குங்கள். நீங்கள் செய்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் கவுனின் நடுக்கோட்டை நீங்கள் வரைந்த நடுக்கோட்டின் மேல் உட்கார வையுங்கள். பிறகு வயிற்று உச்சியைச் சுற்றியுள்ள கட்டங்களைப் பெரிதாக்குங்கள், துணி அங்கேதான் விரிய வேண்டும். பிறகு குறுக்குக் கோடுகளை வளையங்களோடு சேர்த்து வளையுங்கள். ஓரத்தைக் கடைசியாகப் பாருங்கள், பார்க்கும்போதும் இழுக்காதீர்கள். நடுவை விரித்ததால் கவுன் ஓரத்தில் தானாகவே வெளிக்கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். வழியட்டும். சேமித்த path-ஐ செலக்ஷன் ஆக்கி, மாஸ்க் போட்டு, வழிந்ததை மறைத்துவிடுங்கள். தளர்வான கவுன் என்றால் உச்சிக்குக் கீழே மாஸ்க்கின் விளிம்பு மட்டும் path-ஐ விட்டு விலகி நேராக இறங்க வேண்டும். வழிந்ததை மறைக்கும்போது கவுனின் சொந்த ஓர நிழல் வெட்டுப்பட்டுப் போகும். கவலை வேண்டாம், அந்த நிழலை எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

வெளிச்சத்துக்கு வருவோம். கவுனில் இருக்கும் பரந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டு, நெசவையும் சின்ன மடிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, டி-ஷர்ட்டின் வெளிச்சத்தை அதன் மேல் போட வேண்டும். எளிதான வழி இது. கவுனின் நடுத்தர நிறத்தை எடுத்து Solid Color லேயர் ஒன்று போடுங்கள். அதற்கு மேலே வளைத்து முடித்த கவுனின் நகலை நிறம் நீக்கி வைத்து, Filter > Other > High Pass கொடுங்கள். லேயர் முறையை Linear Light ஆக்கி Opacity-யை 50% ஆக்குங்கள். High Pass-இன் Radius-க்கு நிலையான எண் கிடையாது. 6000 பிக்சல் உயரமுள்ள படத்தில் நான் 30 முதல் 60 வரை வைத்துப் பார்ப்பேன். நெசவும் விரல் அகல மடிப்பும் தெரிய வேண்டும், பழைய வயிற்றின் ஒளி இருள் தெரியக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். எண் அதிகமானால் தட்டை வயிற்றின் வெளிச்சம் மறுபடி உள்ளே வந்துவிடும், குறைந்தால் துணி பிளாஸ்டிக் போல ஆகும். இரண்டு லேயரையும் ஒரே குரூப்பில் போட்டு, வழிந்ததை மறைத்த அந்த மாஸ்க்கை குரூப்புக்குக் கொடுங்கள்.

அதற்கு மேலே மூலப் படத்தின் நகல். நிறத்தை நீக்கி, டி-ஷர்ட்டின் சுருக்கங்கள் மறையும் அளவுக்கு Gaussian Blur கொடுத்து, டி-ஷர்ட்டின் மிக வெளிச்சமான இடம் ஏறக்குறைய வெள்ளையாகும்வரை Levels-இல் ஏற்றி, Multiply ஆக்குங்கள். மங்கலாக்கும்போது பின்னணியின் வெளிச்சம் வயிற்று ஓரத்துக்குள் கசியும். முதலில் உடம்பை மட்டும் வெட்டி, Layers பேனலில் Lock transparent pixels போட்டுவிட்டு மங்கலாக்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். இந்த லேயரைப் போட்டதுமே வயிறு எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள். கவுன் கரும்பச்சை, கருநீலம் போல அடர் நிறமாக இருந்தால் Multiply மட்டும் போதாது. அடர் துணியில் உருவத்தைக் காட்டுவது நிழலைவிட ஒளிபட்ட இடம்தான். அதே லேயரை இன்னொரு நகல் எடுத்து, Curves-இல் இருண்ட பகுதியை முழுக்க அமுக்கிவிட்டு, Screen முறையில் 10 முதல் 20% வரை வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டி-ஷர்ட்டின் நிழல் ஒட்டிய துணியின் நிழல். அடிவயிற்றுக்குக் கீழே அது இருட்டாகும், தொடையின் மேலும் வயிற்றின் நிழல் விழுந்திருக்கும். ஒட்டிய கவுனுக்கு அந்த இருட்டு கட்டாயம் வேண்டும். அது அசிங்கமாக இருக்கிறது என்று வெளிச்சமாக்கினால் வயிறு அந்த நிமிடமே தட்டையாகிவிடும். தளர்வான கவுனுக்கு அதே இருட்டு தப்பு, ஏனென்றால் உச்சிக்குக் கீழே துணி வெளிப்புறமாக நேராகத் தொங்குகிறது, நிழல் விழும் மடிப்பு அங்கே இல்லை. உச்சிக்குக் கீழே அந்த லேயரை மாஸ்க்கில் மெல்ல மறைத்துவிட்டு, வெளிச்சம் வராத பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு மென்மையான நிழலைக் கையால் போடுங்கள். மார்புக்குக் கீழே இருக்கும் சின்ன நிழலும் இதே போல: ஒட்டிய துணியில் இருக்கும், பாலம் போலப் போகும் துணியில் இருக்காது.

மடிப்புகளுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். துணி எங்கே தாங்கப்படுகிறதோ அங்கே மடிப்பு இருக்காது, அங்கிருந்துதான் மடிப்பு தொடங்கும். வயிற்றின் உச்சி தாங்கும் இடம். அதனால் உச்சியைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலம் வழுவழுப்பாக இருக்க வேண்டும், அதற்குக் கீழேதான் மடிப்புகள் விழ வேண்டும். உங்கள் கவுனில் மார்பிலிருந்து கால் வரை நேராக ஓடும் மடிப்புகள் இருந்தால் அவை வயிற்றுக்குக் குறுக்கே போகும் இடத்தை Clone Stamp, Healing Brush வைத்து அழித்துவிடுங்கள். High Pass போட்ட பிறகும் அவற்றின் கூர்மையான விளிம்புகள் மிச்சம் இருக்கும், அவற்றையும் எடுக்க வேண்டும். கை வயிற்றின் மேல் இருந்தால் கையை மூலப் படத்திலிருந்து மேல் லேயருக்குக் கொண்டுவந்து, விரல்களுக்கு அடியில் மெல்லிய அடர் நிழல் ஒன்று கொடுங்கள். அது இல்லாவிட்டால் கை துணிக்கு மேலே மிதக்கும்.

முதுகை மறந்துவிடாதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முன்னால் கூடும் எடையைச் சமாளிக்க உடம்பு பின்னால் சாயும், பலருக்கு இடுப்புக்கு மேலே முதுகின் உள்வளைவும் கூடும். உங்கள் கவுன் வேறு உடம்பிலிருந்து வந்ததால் அதன் முதுகு நேராக இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு வயிற்றை மட்டும் உருண்டையாக்கினால், வயிற்றில் தலையணை கட்டியது போல வரும். ஒட்டிய கவுன் முதுகுப் பள்ளத்தைத் தொட வேண்டும். தளர்வான கவுன் தோள்பட்டையிலிருந்து பின்னால் நேராக விழ வேண்டும், பள்ளத்தைத் தொடக் கூடாது.

சமீபத்தில் செய்த ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன், அளவுகள் தெளிவாகும். ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரி திரும்பி நின்றவர், இடதுபக்க ஜன்னல் வெளிச்சம், 6000 பிக்சல் உயரப் படம். கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்தது. உடம்பின் ஒரு செ.மீ. ஏறக்குறைய 30 பிக்சலுக்கு வந்தது. போட வேண்டிய கவுன் அரக்கு நிறம், 2 செ.மீ. இடைவெளியில் மெல்லிய குறுக்குக் கோடுகள், ஒட்டிய வகை. அதாவது நேராகப் பார்க்கும் இடத்தில் கோட்டுக்குக் கோடு 60 பிக்சல் இருக்க வேண்டும். ஓரத்தை இழுத்துச் செய்த முதல் முயற்சியில் வயிற்று உச்சியில் 60 இருந்தது, அடிவயிற்றில் 75 ஆகிவிட்டது. உச்சிக்குக் கீழே பரப்பு வேகமாகத் திரும்பிப் போகும் இடம் அது, குறைய வேண்டிய இடத்தில் கூடியிருந்தது. படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தபோது வயிறு ஒரு தட்டு போல இருந்தது. Warp-ஐ அழித்துவிட்டு நடுவிலிருந்து தொடங்கினேன். உச்சியில் 60, அதற்கு மேலே மார்பை நோக்கி ஏறும் சரிவில் 50, அடிவயிற்றின் கடைசி மூன்று கோடுகள் 45, 35, 28 என்று கொண்டுவந்தேன். கோடுகளின் தொங்கலையும் கீழே போகப் போக ஆழமாக்கினேன். நிழல் எதுவும் போடாமலே, வெறும் கோட்டு வேலையிலேயே வயிறு பாதி எழுந்துவிட்டது. அதற்கு மேலே டி-ஷர்ட் நிழல் லேயரைப் போட்டபோது முழுதாக வந்தது. கோடுகளைச் சரிசெய்ய மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, நிழலுக்கு அரைமணி நேரம் போதுமாக இருந்தது. வேலையின் கனம் எங்கே இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரிபார்க்க ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். வயிற்றின் நடுப்பகுதி மட்டும் திரையில் தெரியும்படி, எந்த ஓரமும் தெரியாத அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஓரமே இல்லாமல் அது உருண்டையாகத் தெரிகிறதா? இப்போது உங்களிடம் இருக்கும் படத்தில் தெரியாது என்று நினைக்கிறேன். இந்தச் சோதனையில் தேறினால் மீதி எல்லாம் சின்னத் திருத்தங்கள்தான். வெளிக்கோட்டுக்கு, கவுன் லேயரை முழுக் கறுப்பாக்கிச் சேமித்த path-ஓடு ஒப்பிடுங்கள். ஒட்டிய கவுன் என்றால் இரண்டும் துணியின் கனத்துக்கு மேல் விலகக் கூடாது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும், பழகிய கண்ணுக்குத் தெரியாமல் போன கோணல் அப்போது தெரியும்.

நான் உறுதியாகச் சொல்வது இவ்வளவு: கோடுகள் சுருங்கும் விதம், வளையங்களின் வளைவு, துணி தொங்கும் விதம். இவை எந்தப் படத்திலும் மாறாது. படத்துக்குப் படம் மாறுபவையும் இருக்கின்றன. கவுன் எடுத்த படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் கவுனை இடவலமாகத் திருப்பிவிடலாம், பொத்தான் பக்கமோ எழுத்தோ மாறிக் காட்டிக்கொடுக்காத வரை. கவுன் போட்டிருந்தவர் நின்ற கோணமும் உங்கள் படத்தின் கோணமும் இருபது டிகிரிக்கு மேல் வேறுபட்டால் நான் வேறு கவுன் படம் தேடுவேன். Warp-ஆல் பரப்பை வளைக்க முடியும், அந்தப் படத்தில் கேமராவுக்குத் தெரியாத பக்கத்தைக் கொண்டுவர முடியாது. சாட்டின் போலப் பளபளக்கும் துணிக்கு மேலே சொன்ன நிழல் முறை சரிவராது. அதன் மினுக்கம் வயிற்றின் வளைவிலேயே பிறப்பது, டி-ஷர்ட்டின் மங்கலான வெளிச்சத்திலிருந்து அதை எடுக்க முடியாது, கோடு கோடாகக் கையால் வரைய வேண்டும். உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய துணி அதைவிடக் கடினம், துணிக்குப் பின்னால் தெரியும் உடம்பையும் உருவாக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டில் ஒன்று என்றால், அவரிடம் சொல்லி வேறு துணிக்குச் சம்மதம் வாங்குவதே நல்லது.

அவரிடம் பேசும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். வயிறு உள்ள அளவிலேயே இருக்கட்டுமா, கவுனில் கொஞ்சம் எடுப்பாகத் தெரியட்டுமா, அடக்கமாக இருக்கட்டுமா என்று. ஒட்டிய கவுன், தளர்வான கவுன் என்ற முடிவே அந்தப் பதிலைப் பொறுத்ததுதான். Liquify எடுத்து நாமாக வயிற்றை ஏற்றவோ இறக்கவோ கூடாது. அது அவருடைய உடம்பு. அந்த மாதத்தில் அது எப்படி இருந்தது என்பதற்காகத்தான் பலர் இந்தப் படத்தை எடுத்து வைக்கிறார்கள்.

உங்கள் கவுன் ஒட்டிய வகையா தளர்ந்த வகையா என்று கேள்வியில் இல்லை. இப்போதைக்கு Warp-ஐ மட்டும் அழித்துவிட்டு நடுக்கோட்டிலிருந்து ஒருமுறை செய்து, நிழல் போடுவதற்கு முன் அந்த ஓரமில்லாச் சோதனையைப் பாருங்கள். அதன் பிறகும் தட்டையாக இருந்தால் கவுனின் வகை, வெளிச்சம் வரும் பக்கம், கேமரா உயரம் மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.